புதன்கிழமை காலையில் வரும் அறிவிப்பு

ரிசப்ஷன் கணினி ஏன் ரீஸ்டார்ட் கேட்கிறது?

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும். 2003 அக்டோபரிலிருந்து இதுதான் வழக்கம். நம் கடிகாரத்தில் அப்போது செவ்வாய் இரவு பத்தரை மணி, குளிர்காலமானால் பதினொன்றரை. அந்த நேரத்தில் சிறு கிளினிக்குகள் பூட்டியிருக்கும். அதனால் மறுநாள் புதன்கிழமையோ அதற்கு அடுத்த ஓரிரு நாளிலோ, டோக்கன் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது ரிசப்ஷன் கணினியின் மூலையில் ரீஸ்டார்ட் கேட்டு ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கிளிக்கில் அதை ஓரம் கட்டுகிறார்கள். நாளைக்கும் அதே கதைதான்.

இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. எதிரே காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் தாயைக் காத்திருக்கச் சொல்லி யாரும் கணினியை அணைத்துப் போடமாட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டி எதற்காக வருகிறது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்குவதும் இல்லை. கணினி பராமரிக்க வருபவர் “கேட்டா ரீஸ்டார்ட் குடுத்துடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ரிசப்ஷனில் இருப்பவர்களின் கேள்விகள் ஐந்தாறுதான். அவற்றுக்குப் பதிலை ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடலாம்.

“அப்டேட்தான் ஏறிடுச்சே, அப்புறம் எதுக்கு ரீஸ்டார்ட்?”

இந்த முதல் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை எளிது. கணினியில் ஒரு நிரல் இரண்டு இடங்களில் இருக்கிறது. டிஸ்க்கில் கோப்பாக ஒரு பிரதி. காலையில் கணினியைப் போட்டதும் அதிலிருந்து எடுத்து மெமரியில் ஏற்றப்பட்ட இன்னொரு பிரதி. நாள் முழுக்க வேலை செய்வது மெமரியில் இருப்பதுதான். அப்டேட் என்பது டிஸ்க்கில் இருப்பதை மாற்றும் வேலை.

டாக்டர் மதியம் நோயாளியின் கேஸ் ஷீட்டில் மருந்தின் அளவைக் குறைத்து எழுதிவிட்டார். காலையில் ஷீட்டைப் படித்த நர்ஸ், பழைய அளவை மனதில் வைத்துக்கொண்டு அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஷீட்டில் இருப்பது சரி, ஆனால் நோயாளிக்குப் போவது பழைய அளவு. நர்ஸ் ஷீட்டை மறுபடி எடுத்துப் படிக்கும் வரை இது மாறாது. ரீஸ்டார்ட் செய்வது, கணினியை அப்படி மறுபடி படிக்க வைப்பது.

விண்டோஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை மாற்ற அது பொதுவாக இடம் கொடுக்காது. பிரவுசர் மாதிரியான நிரல் என்றால் அதை மட்டும் மூடித் திறந்தால் போதும். க்ரோம் அவ்வப்போது ‘Relaunch’ என்று கேட்பது அதற்குத்தான். ஆனால் நெட்வொர்க், பிரிண்டர், கோப்புப் பகிர்வு, பாஸ்வேர்ட் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் அடிப்படைப் பகுதிகள் கணினி இயங்கும் நேரம் முழுவதும் ஓடிக்கொண்டேயிருக்கும். அவற்றை நடுவில் மூட வழியில்லை. அதனால் அப்டேட் புதிய கோப்புகளை ஓர் ஓரத்தில் எடுத்து வைத்து, அடுத்த முறை தொடங்கும்போது இவற்றை மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது, மற்ற நிரல்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. ‘Working on updates’ என்று சதவீதம் ஓடும் நீலத் திரையிலோ கறுப்புத் திரையிலோ நடப்பது இந்த வேலைதான்.

ஆக, “அப்டேட் ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் பாக்கி” என்றால் அடிப்படைப் பகுதிகளைப் பொறுத்தவரை இன்னும் எதுவுமே மாறவில்லை. நேற்றிருந்த ஓட்டை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

“ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளிப்போட்டா என்ன ஆயிடும்?”

ஒரு நாளில் பெரும்பாலும் எதுவும் ஆகாது. அது வாரக்கணக்கில் நீளும்போது என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் கிளினிக்குகள் 2017-இல் பார்த்தன.

விண்டோஸில் srv.sys என்று ஒரு சிறிய கோப்பு உண்டு. ஒரு கணினியில் இருக்கும் ஃபோல்டரை இன்னொரு கணினியிலிருந்து திறக்க வைக்கும் கோப்புப் பகிர்வு வேலையின் ஒரு பகுதி அதனுடையது. டாக்டர் அறையிலிருந்து ரிசப்ஷன் கணினியின் ஃபோல்டரைப் பார்ப்பது போன்ற அன்றாட வேலைதான். நெட்வொர்க் வழியாக ஒரு குறிப்பிட்ட விதத்தில் தாறுமாறாகக் கட்டமைத்த தகவலை அனுப்பினால், அந்தக் கணினியையே வசப்படுத்திவிட முடியும் என்ற ஓட்டை அதில் இருந்தது. யாரும் எந்த இணைப்பையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. கணினி ஓடிக்கொண்டிருந்தாலே போதும்.

அதற்கான திருத்தத்தை MS17-010 என்ற எண்ணில் மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. அது ரீஸ்டார்ட் கேட்கும் திருத்தம். srv.sys விண்டோஸின் மையப் பகுதியிலேயே ஓடுவதால் வேறு வழியில்லை. பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ்.-இன் கணினிப் பிரிவு மார்ச் 17 அன்றும் ஏப்ரல் 28 அன்றும் இதைப் போடச் சொல்லி எச்சரிக்கைகள் அனுப்பியது. மே 12, வெள்ளிக்கிழமை. திருத்தம் வந்து ஐம்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ‘வானாக்ரை’ என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே பாயத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது.

அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 595 குடும்ப மருத்துவர் கிளினிக்குகளில் வைரஸ் புகுந்தது. 6,912 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தானது உறுதிசெய்யப்பட்டது. மொத்தத்தில் 19,000-க்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். வைரஸ் புகாத இடங்களிலும் முன்னெச்சரிக்கையாகக் கணினிகளை அணைத்துவிட்டுப் பேப்பர், பேனாவோடு வேலை பார்த்தார்கள். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளம் பாதுகாப்பு ஆய்வாளர், அந்த வைரஸ் தேடிக்கொண்டிருந்த ஓர் இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்ததும் அதன் பரவல் நின்றது. அன்று மாலையே அது நிற்காமல் போயிருந்தால் எண்ணிக்கை இன்னும் பெருகியிருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுவது நேர்மை. அங்கே சிக்கிய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அவற்றில் திருத்தமே போட்டிருக்கவில்லை. ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போட்டதால் விளைந்தது என்று அந்தப் பழி முழுவதையும் ரிசப்ஷன் ஊழியர்கள் மீது போட முடியாது. ஆனால் திருத்தத்தைப் போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் விட்ட கணினி ஒன்று அதே நெட்வொர்க்கில் இருந்திருந்தால், மெமரியில் ஓடிக்கொண்டிருந்த பழைய srv.sys அந்த வைரஸுக்கு அதேபோலக் கதவைத் திறந்துவிட்டிருக்கும். வைரஸைப் பொறுத்தவரை இரண்டு கணினிகளுக்கும் வித்தியாசமில்லை.

“நாங்கதான் தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானே போறோம்?”

நியாயமான கேள்வி. பலரும் ஏமாறும் இடமும் இதுதான்.

2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து ‘Fast startup’ என்ற வசதி சேர்ந்தது. ‘Shut down’ கொடுத்தால் திறந்திருக்கும் நிரல்களும் பயனரின் கணக்கும் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப் பகுதி முழுவதாக மூடப்படாது. மெமரியில் அது இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் கணினி அணையும். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் எழுதி வைத்ததை அப்படியே மெமரிக்குத் திருப்பிக் கொண்டுவரும். அதனால்தான் கணினி சீக்கிரம் எழுந்துவிடுகிறது. நேற்றைய பழைய பிரதியும் அதோடு சேர்ந்தே எழுந்துவிடுகிறது.

பெயரைப் பார்த்தால் எல்லோருக்கும் நேர்மாறாகத்தான் தோன்றும். முழுதாக அணைப்பதைவிட ரீஸ்டார்ட் லேசான வேலை என்று நினைப்போம். விண்டோஸில் ‘Restart’ கொடுத்தால்தான் மையப் பகுதி முதலிலிருந்து புதிதாக ஏறுகிறது. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அதை வடிவமைத்தவர்கள்தான், பயன்படுத்துபவர்கள் அல்ல.

தன் கணினி எப்படி இருக்கிறது என்று யாரும் அரை நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் Task Manager திறக்கும். அதில் Performance என்ற பகுதியில் CPU-வைத் தேர்ந்தெடுத்தால் கீழே ‘Up time’ என்று ஒரு எண் வரிசை இருக்கும். அதன் முதல் எண் நாள், அடுத்தது மணி, பிறகு நிமிடம், நொடி. தினமும் இரவு அணைத்துவிட்டுப் போகும் கிளினிக்கில் காலை பதினோரு மணிக்குப் பார்க்கும்போது அங்கே 23:04:12:37 என்று இருந்தால், அந்தக் கணினி இருபத்து மூன்று நாளாக உண்மையில் புதிதாகத் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பார்த்தால் முதல் எண் பூஜ்யமாக இருக்கும்.

பவர் பட்டனைத் திறக்கும்போது ‘Shut down’ என்பதோடு ‘Update and shut down’, ‘Update and restart’ என்ற வரிகளும் தெரிந்தால், ஏதோ காத்திருக்கிறது என்று பொருள். அன்று வெறும் ‘Shut down’ கொடுத்துவிட்டுப் போவது அதை இன்னொரு நாளுக்குத் தள்ளுவதுதான். இரவு கிளம்பும்போது ‘Update and restart’ கொடுப்பதே நல்லது.

“நோயாளிங்க நிக்கும்போது அதுவா ரீஸ்டார்ட் ஆயிட்டா?”

ஆகக்கூடும். அது கணினியில் பதிந்திருக்கும் வேலை நேரத்தைப் பொறுத்தது. ‘Active hours’ என்று விண்டோஸ் ஒரு நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்துக்குள் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளும். பயன்பாட்டைக் கவனித்துத் தானே கணித்துக்கொள்ளும் அமைப்பும் உண்டு. கையால் வைக்கும் அமைப்பில் முதலில் இருக்கும் நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை.

இது அலுவலகம் போகிறவர்களுக்காக யாரோ வைத்த கணக்கு. நம் ஊர்க் கிளினிக்குகளில் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை ஒரு வேளை, மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை இன்னொரு வேளை. கூட்டம் அதிகம் மாலையில்தான். கணினியின் கணக்குப்படி வேலை நேரம் முடியும் அதே ஐந்து மணிக்குத்தான் கிளினிக்கின் நெரிசல் நேரம் தொடங்குகிறது. “சாயங்காலம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகுதுங்க, நம்மள வம்பு பண்ணவே வெச்சிருக்காங்க போல” என்று சலித்துக்கொள்பவர்களின் கணினியில் பெரும்பாலும் இந்த நேரம் மாற்றப்படாமல் இருக்கும்.

Settings-இல் Windows Update, அதற்குள் Advanced options, அதற்குள் Active hours. அங்கே தானாகக் கணிப்பதை நிறுத்திவிட்டுக் காலை 8 முதல் இரவு 10 வரை என்று வைக்கலாம். அதிகபட்சம் பதினெட்டு மணி நேரம் வரை விண்டோஸ் அனுமதிக்கும். மதிய இடைவேளையில் நாமே ரீஸ்டார்ட் செய்வதற்கு இது தடையில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை நான்கு மணி நேரம் இருக்கிறது. சாதாரண மாதத் திருத்தத்துக்கு அது தாராளம்.

“எழுதினதெல்லாம் போயிடுமா?”

சேமித்தது போகாது. போவது மெமரியில் மட்டும் இருப்பது. பாதி தட்டிய பில், சேமிக்காமல் விட்ட ரெஃபரல் கடிதம், பிரிண்டருக்கு அனுப்பி இன்னும் வெளிவராத ரசீது ஆகியவற்றை முடித்துவிட்டு, கிளினிக் மென்பொருளை முறைப்படி மூடிய பிறகு ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும்.

சிறிய கிளினிக்குகளில் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. பல இடங்களில் ரிசப்ஷன் கணினிதான் சர்வரும். நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். டாக்டர் அறையில் உள்ளதும் மருந்துக் கவுன்டரில் உள்ளதும் அதிலிருந்து எடுத்துத்தான் காட்டும். முன்னால் இருப்பவர் சொல்லாமல் ரீஸ்டார்ட் கொடுத்தால், உள்ளே டாக்டர் எழுதிக்கொண்டிருக்கும் மருந்துச் சீட்டு பாதியில் நின்றுவிடும். அதனால் முதலில் “டாக்டர், ரெண்டு நிமிஷம் சிஸ்டம் எடுக்கப் போறோம்” என்று உள்ளே சொல்லி, மற்ற கணினிகளில் மென்பொருளை மூடச் செய்து, கடைசியாக சர்வர் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். திறக்கும்போது வரிசை தலைகீழ். சர்வர் முழுதாக எழுந்து, அதில் மென்பொருள் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவை. ஒரு சோதனை ரசீதும் அச்சிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அப்டேட்டுக்குப் பிறகு முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் பிரிண்டர்தான்.

சதவீதம் முப்பதிலேயே நின்றுவிட்டது போலத் தெரிந்தால்? பழைய கணினிகளில், முக்கியமாக எஸ்எஸ்டி இல்லாமல் சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ளவற்றில், எண் அசையாமல் அரை மணி நேரம் நிற்பது சாதாரணம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. நடுவில் கரன்ட் போய்விட்டால், பெரும்பாலும் அடுத்த முறை எழும்போது விண்டோஸ் செய்ததையெல்லாம் திரும்ப எடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். எப்போதும் அப்படி அமைந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. மின்தடை அறிவித்த நாளிலும், யுபிஎஸ் பாட்டரி நைந்துபோன மேசையிலும் இதைத் தொடங்க வேண்டாம்.

“அப்டேட்டாலயே கெட்டுப்போன கதையும் உண்டே?”

உண்டு. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்பில் பிழை. இந்திய நேரம் காலை 9:39-க்கு அது போகத் தொடங்கியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணித்தது. இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர் கிளினிக்குகளில் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் நோயாளிப் பதிவுக்கும் பயன்படும் எமிஸ் மென்பொருள் முடங்கி, மறுபடி பேனாவைக் கையில் எடுத்தார்கள்.

இந்த உதாரணத்தைச் சொல்லித்தான் பலர் அப்டேட்டையே வேண்டாம் என்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் அது காட்டுவது வேறு. அது விண்டோஸ் அப்டேட் அல்ல. ரீஸ்டார்ட் கேட்காமல், யாரையும் கேட்காமல், ஓடிக்கொண்டிருந்த கணினியில் நேரடியாகச் செயலுக்கு வந்த கோப்பு அது. எந்த நேரத்தில் ஏற்றுவது என்று தீர்மானிக்க யாருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. ரீஸ்டார்ட் கேட்கும் அப்டேட்டில் அந்த வாய்ப்பு இருக்கிறது. புதன்கிழமை காலை வந்ததை வியாழன் மதியம் வரை வைத்திருந்து, காலையில் எடுத்த பேக்கப் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் அதிகம் தேவைப்படாத கணினியில் செய்து, அது நன்றாக எழுந்தால் சர்வரில் செய்யலாம். ஓரிரு நாள் பொறுப்பதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு தேதி வைத்திருக்க வேண்டும்.

ரீஸ்டார்ட்டே இல்லாமல் மெமரியில் இருக்கும் பிரதியை நேரடியாகத் திருத்தும் முறையும் வந்துவிட்டது. ‘ஹாட்பேட்ச்’ என்கிறார்கள். விண்டோஸ் 11-இன் பெரு நிறுவனப் பதிப்புகளுக்கு 2025 ஏப்ரலிலிருந்து கிடைக்கிறது. அதிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் உண்டு. கடையில் வாங்கி வைத்த சாதாரணக் கிளினிக் கணினிக்கு அது கிடைக்காது.

“எங்க கணினி மாசக்கணக்கா எதுவுமே கேக்கறதில்லையே?”

இதைப் பெருமையாகச் சொல்பவர்களின் கணினியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத கணினிக்கு மாதாந்தரத் திருத்தங்கள் வருவதில்லை. திருத்தம் வராத கணினிக்கு ரீஸ்டார்ட் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. Settings-இல் System, அதற்குள் About என்று போனால் எந்த விண்டோஸ் என்பது தெரியும். Windows Update பக்கத்தில் Update history-யைத் திறந்தால் கடைசியாக எப்போது திருத்தம் ஏறியது என்ற தேதி இருக்கும். அந்தத் தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையதாக இருந்தால், கணினி பராமரிப்பவரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது.